மெனுவில் இல்லாத கேள்வி எங்கே போகிறது? பக்கங்களின் தானியங்கிப் பதில்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு கடையின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பினாலும் சில நொடியில் பதில் வந்துவிடுகிறது. "வணக்கம், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்ற வரியும், அதன் கீழே விலை, நேரம், முகவரி என்று சில பட்டன்களும் வரும். இதை எல்லோரும் "பாட்" என்கிறார்கள். சிலர் "ஏ.ஐ. பதில் சொல்லுது" என்கிறார்கள். பக்கத்தை நடத்துபவர்களிலும் பலர், இதை ஒருமுறை போட்டுவிட்டால் வருகிற கேள்விகளை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள்.

மெனு வகைத் தானியங்கிப் பதில் எந்தக் கேள்வியையும் புரிந்துகொள்வதில்லை. முன்பே எழுதி வைத்த பதில்களில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் எழுதி வைத்த பதில் எதுவும் பொருந்தாதபோது என்ன நடக்கிறது என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. பெரும்பாலான பக்கங்களில் அதை யாரும் யோசித்து வைப்பதில்லை. பதில் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்கள் அந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள்.

## பலகையும் டைம் கீப்பர் அறையும்

பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயரும் நேரமும் எழுதிய பலகை மாட்டியிருக்கும். மதுரை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பவருக்கு அந்தப் பலகை போதும். அதற்காக யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் "ஆறரை வண்டி இன்னும் வரலையே, வருமா வராதா?" என்ற கேள்விக்குப் பலகையில் பதில் இருக்காது. அதற்கு டைம் கீப்பர் அறைக்குத்தான் போக வேண்டும்.

பக்கத்தில் வரும் மெனு அந்தப் பலகை. பலகையில் பதில் கிடைக்காதவரை டைம் கீப்பர் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு ஃபால்பேக் என்று பெயர். தயாராக இருக்கும் எந்தப் பதிலும் பொருந்தாதபோது நிரல் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வழி அது.

## பட்டனைத் தொட்டால் என்ன நடக்கிறது

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். பழக்கன்றும் பூச்செடியும் விற்கும் ஒரு நர்சரிக்கு ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. மெசஞ்சர் வழியாகக் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை நான்கு: கன்று என்ன விலை, எப்போது திறந்திருக்கும், இடம் எங்கே, வெளியூருக்கு அனுப்புவீர்களா. இந்த நான்குக்கும் பதில் எழுதி, நான்கு பட்டன்களாக வைக்கிறார்கள்.

ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, வாடிக்கையாளர் கண்ணில் படும் எழுத்து. மற்றொன்று, கண்ணில் படாமல் உள்ளே போகும் ஒரு குறிச்சொல். இந்தக் குறிச்சொல்லைப் பேலோட் என்பார்கள். நிரலில் அது இப்படி இருக்கும்:

```json
{
  "content_type": "text",
  "title": "விலைப் பட்டியல்",
  "payload": "PRICE_LIST"
}
```

வாடிக்கையாளர் "விலைப் பட்டியல்" என்பதைத் தொட்டதும் நர்சரியின் நிரலுக்கு PRICE_LIST என்ற குறிச்சொல் போய்ச் சேரும். அந்தப் பெயருக்கு எதிரே எந்தப் பதில் எழுதியிருக்கிறதோ அது வெளியே வரும். பட்டனில் உள்ள தமிழ் எழுத்தை நாளைக்கே "கன்று விலை" என்று மாற்றினாலும் குறிச்சொல் மாறாதவரை பதில் மாறாது. வாடிக்கையாளர் என்ன நினைத்துத் தொட்டார் என்பது நிரலுக்குத் தெரியவே தெரியாது. 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் மெசஞ்சரை இப்படிப்பட்ட நிரல்களுக்குத் திறந்துவிட்டதிலிருந்து அடிப்படை ஏற்பாடு இதுதான்.

தமிழில் பட்டன் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெசஞ்சரில் இந்த வகைப் பட்டனின் எழுத்துக்கு 20 குறிகள்தான் வரம்பு. கணினிக்கு "வி" என்பது ஒரு குறி அல்ல; வகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு. புள்ளியும் தனிக் குறிதான். "கூரியரில் அனுப்புவீர்களா?" என்பது நம் கணக்கில் பதின்மூன்று எழுத்தும் ஒரு கேள்விக்குறியும். கணினிக் கணக்கில் 25 குறிகள். அது வரம்பைத் தாண்டிவிடும். "கூரியர் வசதி" என்றால் 12 குறிகளில் முடிந்துவிடும். பட்டனில் சுருக்கமாக எழுதிவிட்டு, விவரத்தைப் பதிலில் சொல்வதே நல்லது.

பட்டன்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மெசஞ்சரில் உரையாடல் தொடங்குமுன் காட்டும் கேள்விகள் நான்கு வரைதான். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியோடு மூன்று பட்டன்கள். பட்டியலாகக் காட்டினால் பத்து வரிகள். இந்த வரம்புகள் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பத்துக்கு மேல் வரிசையாக வந்தால் எப்படியும் யாரும் படிப்பதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பட்டனைத் தொட்டால் ஒரு குறிச்சொல் போகிறது, அதற்கு எதிரே எழுதிய பதில் வருகிறது. இந்த வழியில் தவறு நடக்க இடம் மிகக் குறைவு. சிக்கல், ஆட்கள் பட்டனைத் தொடாமல் தட்டச்சு செய்யும்போது தொடங்குகிறது.

## தட்டச்சு செய்தால் கதை வேறு

பட்டன் கண்ணெதிரே இருந்தாலும் நிறையப் பேர் தங்கள் கேள்வியைத் தாங்களே எழுதுவார்கள். அது இயல்பு. எழுதி வந்த வரியில் குறிச்சொல் எதுவும் இருக்காது. அதனால் நிரல் அந்த வரிக்குள் சில சொற்களைத் தேடும். "விலை" இருந்தால் விலைப் பட்டியல், "முகவரி" இருந்தால் இடம் என்று முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். இப்படித் தேடுவதற்காகக் குறித்து வைக்கும் சொல்தான் கீவேர்டு.

தமிழில் இது வழுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, சொல் உருமாறுவது. "நேரம்" என்று கீவேர்டு வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் "எந்த நேரத்துக்கு வரலாம்?" என்று எழுதுகிறார். "நேரத்துக்கு" என்பதற்குள் "நேரம்" இல்லை. மகர மெய் போய்த் தகரம் வந்துவிட்டது. நிரல் கண்டுபிடிக்காது. சரி, "நேர" என்று மட்டும் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்தால் "நேரில் வந்தால் விலை குறையுமா?" என்ற கேள்வியும் மாட்டிக்கொள்ளும். கணினிக்கு "ரி" என்பது ரகரமும் இகரக் கொக்கியும் தனித்தனியாக இருப்பதால் "நேரில்" என்பதற்குள் "நேர" இருப்பதாகவே அது பார்க்கும். பாதியாக வெட்டாமல் "நேரம்", "நேரத்" என இரண்டு வடிவத்தையும் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருப்பது. கடை திறக்கும் நேரத்துக்காக "கடை" என்ற கீவேர்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் "மா கன்றுக்குக் கடைசியா எப்போ உரம் வைக்கணும்?" என்று கேட்கிறார். "கடைசி"க்குள் "கடை" இருக்கிறது. உடனே, "நாங்கள் காலை 9 முதல் மாலை 6 வரை திறந்திருப்போம்" என்று பதில் போகிறது. "அரசு தரும் விலையில்லாக் கன்று உங்களிடம் கிடைக்குமா?" என்பவருக்கு விலைப் பட்டியல் போவதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் தமிழ். விலையை `vilai` என்றும் எழுதுவார்கள், `velai` என்றும் எழுதுவார்கள். இரண்டையும் கீவேர்டாக வைத்தால் `velai irukka` என்று வேலை தேடி வருகிறவருக்கும் கன்று விலை போகும். `rate`, `evlo` போன்றவற்றை வைத்துக்கொண்டு `velai` என்பதை விட்டுவிடுவது மேல். அந்தக் கேள்வியை ஒரு மனிதர் பார்க்கட்டும்.

கீவேர்டைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாக் கேள்வியும் பிடிபட்டுவிடும் என்பதுதான் பரவலாக இருக்கும் பெரிய தவறான எண்ணம். கூட்டக் கூட்டப் பொருந்தாத பதில்களும் கூடும். பொருந்தாத பதில், பதில் இல்லாததைவிட மோசமானது. பதில் போய்விட்டதால் நிரலின் கணக்கில் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தகவல் வராது. உரம் பற்றிக் கேட்டவர் கடை நேரத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். பக்கத்தை நடத்துபவருக்கு அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சுருக்கமாகச் சொன்னால், கீவேர்டு ஓர் ஊகம். ஊகம் உறுதியாக இருக்கும்போது மட்டும் பதில் சொல்ல வேண்டும், மற்றதை ஃபால்பேக்கிடம் விட வேண்டும். ஒரே வரியில் இரண்டு கீவேர்டு சிக்கினால் ஒன்றை நாமாகத் தேர்ந்துவிடாமல், "விலை பற்றியா, நேரம் பற்றியா?" என்று அந்த இரண்டை மட்டும் பட்டனாகக் காட்டிக் கேட்டுவிடலாம்.

## ஃபால்பேக்கை எப்படி எழுதுவது

பல பக்கங்களில் ஃபால்பேக் என்ற பெயரில் இருப்பது ஒரே ஒரு வரி: "மன்னிக்கவும், புரியவில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யவும்." அதன் கீழே மறுபடியும் அதே நான்கு பட்டன்கள். மீண்டும் எழுதினால் மீண்டும் அதே வரி. பலகையில் இல்லை என்று கேட்க வந்தவரை மறுபடி பலகை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இது. இது ஃபால்பேக் ஆகாது.

நம் நர்சரிக்கு ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டே கால். "அண்ணே, போன மாசம் உங்ககிட்ட வாங்கின செம்பருத்தில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு, என்ன பண்ணலாம்?" இதில் கீவேர்டு எதுவும் சிக்கவில்லை. சிக்கக் கூடாது என்பதும் சரிதான், இது ஆள் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

முதல் தடவை பொருந்தாதபோது நிரல் மெனுவை ஒருமுறை காட்டலாம். ஆனால் அதில் "ஆளிடம் பேச" என்ற பட்டனும் கட்டாயம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் அதைத் தொட்டாலோ, பட்டனை விட்டுவிட்டு இன்னொரு வரி எழுதி அதுவும் பொருந்தாவிட்டாலோ, மூன்றாவது முறை கேட்க வைக்காமல் மனிதரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அப்போது போக வேண்டிய பதில் இப்படி இருக்கலாம்:

"இந்தக் கேள்விக்குத் தயாராக எழுதி வைத்த பதில் எங்களிடம் இல்லை. நர்சரியில் இருப்பவர் படித்துப் பார்த்துப் பதில் எழுதுவார். இப்போது மூடியிருக்கிறோம், நாளை காலை 10 மணிக்குள் எழுதுகிறோம். செடியில் பூச்சி, நோய் என்றால் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் படம் எடுத்து இங்கேயே அனுப்பி வையுங்கள்."

இந்தப் பதில் செய்யும் வேலைகளைப் பாருங்கள். பேசுவது நிரல்தான் என்பதை மறைக்கவில்லை. எப்போது பதில் வரும் என்று ஒரு நேரத்தைச் சொல்கிறது. காத்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறது. காலையில் நர்சரிக்காரர் திறந்து பார்க்கும்போது படம் தயாராக இருக்கும். மாவுப்பூச்சி என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். "விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்ற வரியை நான் எந்தப் பக்கத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காத்திருப்பவருக்கு வேண்டியது ஒரு மணிக்கணக்கு.

சொன்ன நேரத்தைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நிரல் அவருக்குச் சாதாரணமாகப் பதில் அனுப்பலாம் என்பது மெசஞ்சரின் விதி. மனிதர் எழுதும் பதிலுக்கு உரிய அனுமதி பெற்றிருந்தால் 7 நாள் வரை நீளும். வாட்ஸ்அப்பின் தொழில் சேவையிலும் 24 மணி நேரக் கெடு உண்டு. அது தாண்டினால் முன்பே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்தி மட்டும்தான் அனுப்ப முடியும்.

## ஒப்படைத்த பிறகு நிரல் வாயை மூட வேண்டும்

மனிதர் உரையாடலுக்குள் வந்துவிட்ட பிறகு நிரல் குறுக்கே பேசக் கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம், ஆனால் அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான். நர்சரிக்காரர் "வேப்ப எண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிங்க" என்று எழுதுகிறார். வாடிக்கையாளர் "அது என்ன விலைண்ணே?" என்கிறார். நிரல் "விலை"யைப் பார்த்ததும் கன்று விலைப் பட்டியலைக் கொட்டிவிடுகிறது. ஒரு மனிதரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தவருக்குக் குழப்பம்.

இதைத் தவிர்க்க உரையாடல் இப்போது யார் கையில் என்ற குறிப்பை நிரல் வைத்திருக்க வேண்டும். மெசஞ்சரில் உரையாடலின் பிடியை நிரலிலிருந்து பக்கத்தின் இன்பாக்ஸுக்கு மாற்றிவிடும் வசதி உண்டு. பிடி மாறியபின் நிரல் செய்திகளைப் பார்க்கலாம், பேச முடியாது. மனிதர் வேலையை முடித்ததும் பிடியைத் திருப்பித் தர வேண்டும். அவர் மறந்துபோனால், குறிப்பிட்ட மணி நேரம் யாரும் பேசாதிருந்தபின் தானாகத் திரும்பும்படி எழுதி வைக்கலாம். இல்லையென்றால் அடுத்த மாதம் அதே ஆள் விலை கேட்கும்போது நிரல் பேசாமல் நிற்கும்.

இன்னும் இரண்டு இடங்களில் பேசாமல் இருப்பதே சரி. "சரி", "நன்றிண்ணே" போன்ற வரிகளும், கட்டைவிரல் ஸ்டிக்கரும் கேள்வி அல்ல. அவற்றை ஃபால்பேக்குக்கு விட்டால் நன்றி சொன்னவருக்குப் "பதில் இல்லை" என்று போகும். அப்புறம், நம்மவர்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதுவதில்லை. "அண்ணே" என்று ஒன்று, "ஒரு டவுட்" என்று ஒன்று, மூன்றாவதாகத்தான் விஷயம் வரும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் என்று விட்டால் விஷயம் வருவதற்குள் இரண்டு தடவை ஃபால்பேக் ஓடிவிடும். சில நொடிகள் பொறுத்து, வந்த வரிகளைச் சேர்த்துப் பார்த்து ஒரே பதில் அனுப்புவதே முறை. குரல் பதிவும் எழுத்தே இல்லாமல் வரும் படமும் இதற்கு நேர்மாறு. அவற்றில் தேட எழுத்து இல்லாததால் கவனிக்காமல் விட்டுவிடும் நிரல்கள் உண்டு. அவற்றை நேராக மனிதரிடம் அனுப்ப வேண்டும்.

சேர்த்துப் பார்த்தால் வரிசை இது. உரையாடல் மனிதர் கையில் இருந்தால் நிரல் பேசாது. இல்லாவிட்டால் முதலில் குறிச்சொல்லைப் பார்க்கும், அப்புறம் உறுதியான கீவேர்டு ஒன்றே ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு கீவேர்டு சிக்கினால் எது என்று கேட்கும். எதுவும் இல்லையென்றால் ஃபால்பேக்.

## ஃபால்பேக்கில் விழுந்தவற்றைப் படிப்பது

பொருந்தாத ஒவ்வொரு வரியையும் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து வாரம் ஒருமுறை படிக்க வேண்டும். மெனுவைத் திருத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நர்சரிப் பட்டியலில் "எத்தனை வருஷத்துல காய்க்கும்?" என்பது பலமுறை வந்திருந்தால் அதற்குப் பதில் எழுதி மெனுவில் சேர்க்கலாம். இடம் போதாவிட்டால் யாரும் தொடாத பட்டனை எடுத்துவிடலாம். பூச்சி, நோய்க் கேள்விகள் எத்தனை முறை வந்தாலும் அவற்றுக்குத் தயார் பதில் எழுதக் கூடாது. செடிக்குச் செடி பதில் மாறும்.

பதில் போன உரையாடல்களையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். பதில் போனதும் வாடிக்கையாளர் அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி எழுதியிருந்தால் பதில் பொருந்தவில்லை என்று அர்த்தம். "கடைசி" போன்ற கோளாறுகள் இப்படிப் பார்த்தால்தான் வெளியே வரும்.

பட்டனை நீக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மெசஞ்சரில் தட்டச்சுப் பெட்டிக்கு மேலே தோன்றும் சிறு பட்டன்கள் தொட்டதும் மறைந்துவிடும். செய்தியோடு ஒட்டி வரும் பட்டன்கள் அப்படி இல்லை, பழைய உரையாடலில் அப்படியே இருக்கும். மூன்று மாதம் கழித்து ஒருவர் மேலே தள்ளிப் பார்த்து அதைத் தொடலாம். அப்போது நாம் நீக்கிவிட்ட குறிச்சொல் வந்து சேரும். அதற்கும் ஃபால்பேக் போக வேண்டும். நிரல் பதிலே சொல்லாமல் நின்றுவிடக் கூடாது.

மாற்றம் செய்தபின் சோதித்துப் பார்ப்பதானால், இதுவரை பக்கத்தோடு பேசாத ஒரு கணக்கிலிருந்து பார்க்க வேண்டும். தொடக்கக் கேள்விகள் புது உரையாடலில்தான் தோன்றும். ஏற்கெனவே பேசிய கணக்கு என்றால் அந்த உரையாடலை அழித்துவிட்டுத் தொடங்கலாம். முதலில் ஒரு பட்டனைத் தொடுங்கள். அப்புறம் மெனுவில் இல்லாத ஒரு கேள்வி, ஒரு குரல் பதிவு, ஒரு "நன்றி", இவற்றை நர்சரி மூடிய பிறகு இரவில் அனுப்பிப் பாருங்கள். காலையில் அந்தக் கேள்வியும் குரல் பதிவும் இன்பாக்ஸில் யாருடைய கண்ணிலாவது பட்டதா என்று விசாரியுங்கள்.